எந்த ஆங்கிலம்?

1941-ம் வருஷக் கடைசியில், பேர்ல் ஹார்பர் துறைமுகம் தாக்கப்பட்டுச் சில வாரங்களுக்குள், பிரிட்டிஷ் பிரதம மந்திரி சர்ச்சில் தமது படைத்தலைவர்களுடன் வாஷிங்டன் நகருக்குச் சென்றிருந்தார். அங்கு நடந்த ஆலோசனைகளின்போது பிரிட்டிஷ் தரப்பார் ஓர் அவசர விஷயத்தைப் பற்றிக் குறிப்பொன்று தயாரித்து, அதை “டேபிள்” செய்ய விரும்புவதாகத் தெரிவித்தனர். காலதாமதமின்றி அதைச் சபைமுன் வைத்து விவாதிக்க வேண்டுமென்பதே அவர்கள் கருத்து. அமெரிக்கர்களோ அதற்குச் சம்மதிக்கவில்லை. அவர்களுடைய வழக்கில் ஒரு குறிப்பை டேபிள் செய்வதென்றால், அதை மேஜை அறைக்குள் போட்டு மறந்துவிடுவதென்று பொருள். அவ்வளவு முக்கியமான விஷயத்தை ஒதுக்கி வைப்பதா என்று அவர்கள் வாதாடினர்; அவ்வளவு முக்கியமான விஷயத்தை எடுத்துக்கொள்ள மறுப்பதா என்று இவர்கள் வாதாடினர். வாதம் நீண்டு, சூடும் ஏறிய பிறகுதான் இரு தரப்பாரும் விரும்பியது ஒன்றே என்று தெரிய வந்தது. 1950-ல் வெளிவந்த தமது யுத்த சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தில் சர்ச்சிலே இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், நேருக்கு நேர் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசியபோது நேர்ந்த சங்கடம் இது. தமிழில் எழுதிய ஒரு மனுவையோ தீர்மானத்தையோ பிரமாண வாக்குமூலத்தையோ ஆங்கிலமாக்கிக் கடல் கடந்து அனுப்புகிறவனுக்கு எதிரே உட்கார்ந்து சந்தேகம் கேட்பவர் யாருமில்லை. “கூட்டத்தில் இத்தீர்மானம் கொண்டுவரப்பட்டது” என்பதை அவன் தன் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் “டேபிள் செய்யப்பட்டது” என்று எழுதினால், லண்டனில் அது சரியாகவே படிக்கப்படும். அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினர் ஒருவருடைய காரியாலயத்திலோ, அந்தத் தீர்மானத்தை அந்தக் கூட்டமே கைகழுவிவிட்டது என்று படிக்கப்படும். அமெரிக்கச் சட்டசபைகளில் ஒரு பிரேரணையை மேஜையில் கிடத்துவது அதன் கதையை முடிக்கும் வழிகளில் ஒன்று. நம் பாராளுமன்றத்திலோ மேஜைமீது வைப்பதென்றால் சபையின் பார்வைக்குச் சமர்ப்பிப்பது.

பொதுக்காரியத்தில் ஈடுபட்ட நண்பர்கள் பலர் ஆங்கில மொழிபெயர்ப்பை மேற்கொள்ளும்போது முதலில் கேட்கும் கேள்வி, “லேபர்” என்ற சொல்லில் யு என்னும் எழுத்தைப் போடுவதா விடுவதா என்பது. இது கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் யு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அச்சொல்லுக்குத் தொழில் அல்லது தொழிலாளர் என்பதைத் தவிர வேறு பொருளை எவரும் கொள்ளப் போவதில்லை. எழுத்துப் பிசகு எழுதியவனுடைய கவனத்தைப் பற்றிச் சந்தேகம் உண்டாக்கும். சொற்பிசகு நடந்த சம்பவத்தையே வேறொன்றாக்கிவிடும். ஆகவே சொல்லை முன்னும் எழுத்தைப் பின்னும் கவனிப்பதே முறை.

இந்தப் பிளவு எப்படி உண்டாயிற்று என்பது ஒரு தேசிய இயக்கத்தின் கதையாகவே இருப்பதால், அதை இரண்டு வார்த்தைகளில் சொல்லிவிட்டு மேலே செல்கிறோம். இங்கிலாந்தில் டாக்டர் ஜான்ஸன் 1755-ல் வெளியிட்ட அகராதி எழுத்துமுறைக்கு ஒரு நிலையைத் தந்தது. அமெரிக்கா விடுதலை பெற்ற பின்னர் நோவா வெப்ஸ்டர் என்னும் பள்ளி ஆசிரியர், சுதந்திரம் பெற்ற தேசம் அரசாங்கத்தில் மட்டுமின்றி மொழியிலும் தனக்கென ஒரு முறை வைத்துக்கொள்ள வேண்டுமென்று 1789-லேயே வாதாடினார். 1783-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பாடப் புத்தகம் ஒன்றை வெளியிட்ட அவர், 1828-ல், எழுபது பிராயத்தை ஒட்டி, சுமார் 70,000 சொற்கள் கொண்ட பெரிய அகராதியை இரண்டு வால்யூம்களாகக் கொண்டுவந்தார். “கலர்”, “ஹானர்”, “லேபர்” முதலியவற்றில் யு போனது அவர் வழிநின்றே. அவர் சொன்னதையெல்லாம் அவர் ஜனங்கள் ஏற்கவில்லை. நாக்கையும் பெண்களையும் குறிக்கும் சொற்களுக்கு அவர் கற்பித்த புதிய எழுத்துக்களைக் கண்டு சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். மறுபுறம், ஜான்ஸன் “மியூஸிக்”, “பப்ளிக்” என்பவற்றின் கடைசியில் வைத்திருந்த கே என்னும் எழுத்தை வெப்ஸ்டர் நீக்கினார். இன்று இங்கிலாந்திலும் அதை எழுதுவாரில்லை.

இனி விஷயத்திற்கு வருவோம். ஓர் ஊர்க் கமிட்டியார் வெளிநாட்டு மனித உரிமைச் சங்கம் ஒன்றிற்கு அனுப்பும் விண்ணப்பத்தில் பின்வருமாறு எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“4-7 அன்று, அரிசி வழங்கும் திட்டத்தில் நடக்கும் முறைகேடுகளைக் கண்டித்து, தாலுகா ஆபீஸின் முதல் மாடியில் அதிகாரியிடம் மனுக் கொடுத்துவிட்டு, எதிரே நடைபாதையில் சுமார் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தோம். இருட்டிய பிறகு மின்சாரம் நின்றுபோனதால் சிலர் டார்ச்சுகளும் ஒரு டின் மண்ணெண்ணெயும் கொண்டுவந்தார்கள்.”

தமிழில் இதைப் படிப்பவருக்கு யாதொரு மயக்கமுமில்லை. மனுக் கொடுத்தார்கள், போக்குவரத்துக்கு இடைஞ்சலின்றி ஓரமாக உட்கார்ந்தார்கள், இருட்டியதும் கை விளக்குகள் வந்தன, அரிக்கேன் விளக்குகளுக்கு எண்ணெய் வந்தது. இதை நாம் படித்த பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பிழையறப் பெயர்த்து நியூயார்க்கில் ஒருவர் கையில் கொடுத்தால் என்ன ஆகிறதென்று பார்ப்போம்.

நடைபாதைக்கு பிரிட்டிஷ் சொல் “பேவ்மெண்ட்”. அமெரிக்காவில் அச்சொல் பெரும்பாலும் வண்டிகள் ஓடும் கடினத் தளத்தையே குறிக்கும். ஓரத்து நடைபாதையை அவர்கள் “சைட்வாக்” என்பார்கள். ஆகவே இருநூறு பேர் நடுச்சாலையில் உட்கார்ந்து வழியை மறித்தார்கள் என்று அந்த வாசகர் எண்ணுவார். “டார்ச்” என்பது பிரிட்டனிலும் நம் நாட்டிலும் பாட்டரியில் எரியும் கை விளக்கு. அமெரிக்கருக்கு அது தீப்பந்தம். பாட்டரி விளக்கிற்கு அவர் சொல்லும் பெயர் “ஃப்ளாஷ்லைட்”. தீப்பந்தங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு டின் எண்ணெயும் வருகிறது. நடுச்சாலை, இருட்டு, பந்தம், எண்ணெய்: அறவழியில் நடந்த சத்தியாக்கிரகம், மொழிபெயர்ப்பாளன் ஓர் எழுத்தும் தவறாமலே, ஆபீஸைக் கொளுத்த வந்த கூட்டமாகிவிட்டது. கமிட்டியார் மறுக்க விரும்பிய குற்றச்சாட்டைக் கமிட்டியாரின் காகிதமே சுமத்துகிறது.

மண்ணெண்ணெய் விஷயம் சற்று விசித்திரமானது. அதற்குப் பிரிட்டனில் “பாரபின்” என்று பெயர். அமெரிக்காவில் பாரபின் என்பது மெழுகுவர்த்திக்கு உதவும் மெழுகு. நாம் வழங்கும் “கெரோஸின்” என்ற பெயர்தான் அமெரிக்கருக்கும் உரியது. இந்திய ஆங்கிலம் முழுவதும் பிரிட்டிஷ் ஆங்கிலமே என்று எண்ணிக்கொண்டு, லண்டன் அகராதியைப் பார்த்து மெனக்கெட்டுச் சொல்லை மாற்றுகிறவன், சரியாக இருந்ததைக் கெடுத்துக்கொள்கிறான். கெரோஸின் என்றே விட்டிருந்தால் லண்டனிலும் புரிந்திருக்கும்.

“முதல் மாடி” அடுத்தது. நமக்கும் பிரிட்டிஷாருக்கும் தரைத்தளத்துக்கு மேலுள்ளது முதல் மாடி. அமெரிக்கருக்குத் தரைத்தளமே முதல் தளம், நம் முதல் மாடி அவருக்கு இரண்டாவது. மனுக் கொடுத்த இடம் எது என்பதில் பெரிய நஷ்டமில்லை என்று சொல்லலாம். ஆனால் மாடியிலிருந்து ஒருவர் விழுந்ததையோ தள்ளப்பட்டதையோ பற்றிய சாட்சியமானால், தரையோடு ஒட்டிய தளத்திலிருந்து எப்படி விழுந்தார் என்று ஒரு வக்கீல் கேட்கக்கூடும். “திட்டம்” என்பதற்கு நம் சர்க்கார் காகிதங்களிலெல்லாம் “ஸ்கீம்” என்ற சொல் வழங்குகிறது. பிரிட்டனிலும் அது குற்றமற்ற சொல்லே. அமெரிக்கக் காதில் அதற்குச் சூழ்ச்சி, தந்திரம் என்ற வாடை உண்டு. அங்கே “ப்ரோக்ராம்” அல்லது “ப்ளான்” என்பதே பொருந்தும். முறைகேட்டைக் கண்டிக்கும் வாக்கியத்தில் ஸ்கீம் என்று எழுதினால், ஏழைகளுக்கு அரிசி வழங்குவதே ஒரு மோசடி என்று நாம் சொல்வதாகப் படும்.

தேதி இன்னும் பொல்லாதது. 4-7 என்பது நமக்கு ஜூலை 4. அமெரிக்கருக்கு ஏப்ரல் 7. மாதம் 12-க்கு மேற்படாதாகையால், 25-7 என்று எழுதினால் பிழை தானே வெளிப்படும். 4-7 என்றால் வெளிப்படாது. போலீஸ் பதிவில் ஜூலையும் விண்ணப்பத்தில் ஏப்ரலுமாக இருந்தால் எது பொய் என்றுதான் மூன்றாம் மனிதர் யோசிப்பார். மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டால் தீர்ந்தது.

மேற்கண்ட உதாரணத்திலிருந்து ஒரு வேலை முறை புலப்படுகிறது. ஒவ்வொரு ஐயமான சொல்லுக்கும் இரு தேசத்துக்கும் பொதுவான சொல் உண்டா என்று முதலில் தேட வேண்டும். தீர்மானத்தைக் கொண்டுவருவதற்கு “மூவ்”, “இன்ட்ரொட்யூஸ்” என்ற சொற்கள் இருக்க, டேபிளை ஏன் தொட வேண்டும்? டார்ச்சுக்கு முன்னே “எலெக்ட்ரிக்” என்று ஓர் அடைமொழி போதும். சோளத்தைப் பற்றி எழுதுவோருக்கும் இதுவே வழி. அகராதியில் கண்ட “கார்ன்” என்பதைச் சோளத்துக்குப் போட்டால், அமெரிக்கர் மக்காச்சோளத்தை நினைப்பார். பழைய பிரிட்டிஷ் வழக்கில் அது தானியம் எல்லாவற்றுக்கும், விசேஷமாகக் கோதுமைக்கு, பெயர். 1846-ல் ரத்தான பிரசித்தி பெற்ற கார்ன் சட்டங்கள் மக்காச்சோளத்தைப் பற்றியவை அல்ல. மானாவாரிச் சோளத்துக்கு நஷ்டஈடு கேட்கும் குடியானவனுக்கு இரண்டுமே உதவாது. “ஸார்கம்” என்றால் இரு கரையிலும் அது சோளம்தான்.

பொதுச் சொல் எப்போதும் அகப்படாது. நடைபாதைக்கு அகப்படவில்லை, நாம் சாதாரணமாகச் சொல்லும் “ஃபுட்பாத்” அமெரிக்கருக்குக் காட்டுக்குள் செல்லும் ஒற்றையடிப் பாதையை நினைவூட்டும். அத்தகைய இடங்களில்தான் வாசகர் யார் என்று பார்த்து ஒரு பக்கம் சாய வேண்டும். இரு தேசத்தாருக்கும் ஒரே பிரதி செல்வதாயின் நாம் சொல்வது: எழுத்துமுறையை எப்படி வைத்தாலும், இத்தகைய இடத்தில் அமெரிக்கச் சொல்லையே இடுக. அமெரிக்கச் சொற்களை லண்டன்வாசி சினிமாவாலும் புத்தகங்களாலும் பெரும்பாலும் அறிந்திருக்கிறார். பிரிட்டிஷ் சொற்களை அமெரிக்கர் அந்த அளவு அறிந்திருக்கவில்லை.

அளவுகளில் இன்னொரு வலை இருக்கிறது. நம் டன் 1,000 கிலோ. அமெரிக்கர் வெறுமே டன் என்றால் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. பழைய பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு, 1,016 கிலோ. பத்து டன் அரிசி காணாமற் போயிற்றென்று நாம் எழுத, வாஷிங்டனில் அதைத் தம் கணக்கில் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 930 கிலோ இரண்டாவது முறையும் காணாமற் போகிறது. அவர்களுக்கு “மெட்ரிக் டன்” என்று எழுத வேண்டும். “பில்லியன்” என்ற எண்ணைப் பற்றி இன்று சண்டையில்லை. நூறு கோடியென்று இரு தேசமும் ஒப்புக்கொண்டுவிட்டன. ஆனால் பிரிட்டிஷ் சர்க்கார் அவ்வழக்கை மேற்கொண்டதாக அறிவித்தது 1974-ல்தான். அதற்கு முன் அச்சான பிரிட்டிஷ் புத்தகங்களில் பில்லியன் பெரும்பாலும் லட்சம் கோடியைக் குறிக்கும். பழைய கடன் கணக்குகளையும் யுத்தச் செலவுகளையும் மேற்கோள் காட்டுவோர், புத்தகம் அச்சான ஊரையும் ஆண்டையும் பார்த்துக்கொள்வது நலம்.

லட்சம், கோடி என்றதும் மூன்றாவது ஆங்கிலம் ஒன்று முன்னே வந்து நிற்கிறது. டெல்லியிலும் பம்பாயிலும் படிக்கப்போகிற காகிதத்தில் லாக், க்ரோர், தடியடியைக் குறிக்கும் “லாத்தி சார்ஜ்”, கத்தரிக்காய்க்கு “ப்ரிஞ்சால்” என்றெல்லாம் எழுதக் கூச வேண்டியதில்லை. அது கொச்சையன்று, இந்நாட்டுக் கோர்ட்டுகளும் பத்திரிகைகளும் வழங்கும் ஆங்கிலம். உள்நாட்டுக் காகிதத்தில் கத்தரிக்காய்க்கு லண்டனின் “ஓபெர்ஜீன்” என்பதையோ அமெரிக்காவின் “எக்பிளாண்ட்” என்பதையோ தேடிப்பிடித்துப் போடுவதுதான் நகைப்புக்கிடம். அதே காகிதம் கடல் கடக்கும்போது லட்சம் நூறாயிரமாகவும், கோடி பத்து மில்லியனாகவும் ஆக வேண்டும். காற்புள்ளியும் இடம் மாற வேண்டும்: நாம் 15,00,000 என்று எழுதுவதை அவர்கள் 1,500,000 என்றே எழுதுவார்கள். தடியடியை அமெரிக்க வாசகருக்கு ஒரே சொல்லில் அடக்க முயலாமல், போலீஸார் நீண்ட மூங்கில் தடிகளால் கூட்டத்தை அடித்து விரட்டினர் என்று ஒருமுறை விரித்துச் சொல்லிவிட்டு, பின்னர் லாத்தி என்றே எழுதலாம்.

எழுத்துமுறைக்கு இப்போது வருவோம். இங்கே வேண்டுவது ஒன்றே: எதைத் தேர்ந்தாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதுவே இருக்க வேண்டும். நான்கு பேர் பங்கிட்டு மொழிபெயர்த்த காகிதத்தில் ஒரு பக்கத்தில் யுவுடனும் அடுத்த பக்கத்தில் யுவின்றியும் லேபர் வந்தால், ஒட்டுப்போட்ட காகிதமென்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் அச்சொல்லைத் தேடுகிறவருக்குப் பாதிதான் அகப்படும். தேசத்தைப் பார்த்து எழுத்துமுறையை ஊகிப்பதும் தவறு. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் தலைமைக் காரியாலயம் நியூயார்க்கில் இருக்கிறது. ஆயினும் அதன் ஆங்கிலப் பத்திரங்கள் பிரிட்டிஷ் எழுத்துமுறையிலேயே வெளிவருகின்றன.

அதிலும் ஒரு நுட்பமுண்டு. “ஆர்கனைஸ்” முதலிய சொற்களில் கடைசியில் வருவது எஸ்ஸா, ஸெட்டா? ஸெட் அமெரிக்கருடையது, எஸ் பிரிட்டிஷாருடையது என்று நம்மவர் நினைப்பது வழக்கம். (அந்த எழுத்தின் பெயரே லண்டனில் ஸெட், நியூயார்க்கில் ஸீ என்பது வேறு விஷயம்.) ஆக்ஸ்போர்டு அகராதி, கிரேக்க மூலத்தை ஒட்டி, ஸெட்டையே கையாளுகிறது, ஐக்கிய நாடுகள் ஸ்தாபனமும் அதைப் பின்பற்றுகிறது. ஆகவே லேபரில் யுவும், ஆர்கனைஸேஷனில் ஸெட்டும் ஒரே பக்கத்தில் வருவது முரணன்று. ஆனால் “அனலைஸ்” என்பதில் ஆக்ஸ்போர்டும் எஸ்ஸையே எழுதும். “அட்வர்டைஸ்”, “எக்ஸர்ஸைஸ்” என்பவற்றில் இரு தேசமும் எஸ்ஸையே எழுதும். கம்ப்யூட்டரிடம் ஒரே கட்டளையிட்டு ஸெட்டையெல்லாம் எஸ்ஸாகவோ எஸ்ஸையெல்லாம் ஸெட்டாகவோ மாற்றுவோர் இங்கேதான் இடறுவர். யு விஷயமும் இப்படியே. லேபரில் யு உண்டானால் “லபோரியஸ்” என்பதிலும் உண்டென்று எண்ணலாகாது. பிரிட்டிஷாரே அதில் யுவை விட்டுவிடுவார்கள். “ஹ்யூமர்” யுவுடனும், “ஹ்யூமரஸ்” யுவின்றியும் அமையும்.

கோர்ட்டுக் காகிதம் எழுதுவோர் “ஜட்ஜ்மெண்ட்” என்ற சொல்லைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். அதன் நடுவே ஈ என்னும் எழுத்தைச் சேர்ப்பது பிரிட்டிஷ் வழக்கென்று பலர் கற்றிருக்கிறார்கள். பொது எழுத்தில் அது உண்மை. நீதிபதி அளிக்கும் தீர்ப்பைக் குறிக்கும்போதோ பிரிட்டிஷ் சட்ட வழக்கிலும் ஈ இல்லை. “லைஸென்ஸ்”, “ப்ராக்டிஸ்” இரண்டிலும் பிரிட்டிஷார் பெயர்ச்சொல்லுக்கு ஸியும் வினைச்சொல்லுக்கு எஸ்ஸும் எழுதுவர். அமெரிக்கர் முன்னதில் எப்போதும் எஸ், பின்னதில் எப்போதும் ஸி எழுதுவர்.

வேலை தொடங்குமுன் அரைக் காகிதத்தில் இம்முடிவுகளைக் குறித்து மொழிபெயர்ப்பாளர் அனைவருக்கும் கொடுத்துவிட வேண்டும்: எந்த அகராதி, தேதி எப்படி, எடையும் பணமும் எப்படி, ஐயமான இருபது முப்பது சொற்களுக்கு எது. கம்ப்யூட்டரின் எழுத்துத் திருத்தும் கருவி அமெரிக்க முறைக்கு அமைந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிக்கொள்ள வேண்டும். முடிந்த பின்னர், காகிதம் செல்லும் தேசத்தவர் ஒருவரிடம் காட்டி, “இதில் பிழை உண்டா?” என்று கேட்காமல், “என்ன நடந்ததென்று உங்கள் வாயால் சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். பிழையைத் தேடுகிறவருக்குப் பேவ்மெண்ட் பிழையாகப் படாது. கதை சொல்லத் தொடங்கினால்தான் இருநூறு பேரை அவர் நடுச்சாலையில் உட்கார வைப்பது வெளிப்படும்.

இத்தனைக்கும் உட்படாதவை பெயர்கள். பிரிட்டிஷ் முறையில் எழுதும் காகிதத்திலும் வாஷிங்டனிலுள்ள தொழில் இலாகாவின் பெயரில் யு வராது. அமெரிக்க முறையில் எழுதும் காகிதத்திலும் பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் பெயரிலிருந்து அதை எடுக்கலாகாது. பேர்ல் ஹார்பர் என்பதில் யுவைச் சேர்ப்பதும் பிழையே. ஆஸ்திரேலியர்களோ இருவரையும் மயங்க வைப்பார்கள். அவர்கள் தொழிலாளரைப் பற்றிச் சாதாரணமாக எழுதும்போது யுவுடன் எழுதுவார்கள். தங்கள் தொழிற்கட்சியின் பெயரை மட்டும் 1912 முதல் யுவின்றி எழுதி வருகிறார்கள்.